கணக்காளரிடம் போகுமுன் எங்கள் கையில் இருக்க வேண்டிய கடதாசிகள்

பதுளை, ஹாலிஎல, பசறைப் பக்கத்து உறவுகளுக்கும் தோட்டங்களில் இருக்கும் நண்பர்களுக்கும் இந்தப் பதிவு. வருமான வரி விபரத்திரட்டு கொடுக்கும் காலம் நெருங்குகிறது. போன வருடம் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறோம்.

போன நவம்பர் நடுப்பகுதியில், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு பையில் கிடைத்த கடதாசிகளை எல்லாம் அடைத்துக்கொண்டு பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் போனோம். அவர் பையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வங்கி வரி பிடித்த சான்றிதழ் எங்கே?" எங்களிடம் இல்லை. அது வட்டியில்லாக் கணக்கு, வருவது இலாபப் பங்கு, அதைக் காட்டத் தேவையில்லை என்று நினைத்திருந்தோம். "மார்க்கத்தில் அது வட்டி இல்லை. ஆனால் வரிச் சட்டத்துக்கு அதுவும் வருமானம்தான். வங்கி அதில் ஏற்கெனவே வரி பிடித்திருக்கிறதே" என்றார்.

அவர் போட்டுக் காட்டிய கணக்கு இது. 2024/25இல் வீட்டுக்காரரின் சம்பளம் 840,000 ரூபாய். மேல்மாடி வாடகை 480,000. அதில் கால் பங்கைச் சட்டமே கழித்துவிடுகிறது, மிச்சம் 360,000. வங்கி இலாபம் 300,000. மொத்தம் 1,500,000. அந்த வருடத்து தனிநபர் விலக்கு 1,200,000. மீதி 300,000க்கு 6 வீதம், 18,000 ரூபாய் வரி. வங்கி 5 வீதப்படி 15,000 பிடித்திருந்தது. சான்றிதழ் இருந்தால் 3,000 கட்டினால் போதும். இல்லையென்றால் முழு 18,000.

இன்னொன்றையும் அன்றைக்குத்தான் அறிந்தோம். விபரத்திரட்டுக்குத்தான் கடைசி நாள் நவம்பர் 30. கட்ட வேண்டிய மிச்ச வரிக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. அந்த 3,000 ரூபாய்க்கு நாங்கள் ஏற்கெனவே பிந்திவிட்டோம், வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

வங்கிச் சான்றிதழ் கைக்கு வர ஒரு வாரம் போனது. நவம்பர் 26, புதன்கிழமை வேலை முடிந்தது. அடுத்த இரண்டு நாட்களில் டித்வா புயலும் மண்சரிவும். அந்த வாரம் பதுளை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்னும் மூன்று நாள் தாமதித்திருந்தால் எங்கள் கடதாசிகள் அந்தப் பையிலேயேதான் இருந்திருக்கும்.

இந்த முறை ஆகஸ்ட்டிலேயே கணக்காளருக்கு இப்படி ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்பினோம்:

"சேர், நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். 2025/26க்கான விபரத்திரட்டு இருவருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். சம்பளம், வீட்டு வாடகை, வங்கி இலாபம், கொஞ்சம் டியூஷன் வருமானம் உண்டு. செப்டம்பர் 30க்கு முன் வரி கட்ட வேண்டியிருக்குமா என்றும் பார்க்க வேண்டும். பாடசாலை முடிந்து 2.30க்குப் பிறகு அல்லது சனிக்கிழமை வரலாம். கீழே உள்ளவை கொண்டு வருகிறோம். குறைவு இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள்."

செய்தியோடு அனுப்பிய பட்டியல்:

1. அடையாள அட்டை, வரி செலுத்துநர் அடையாள இலக்கம், இணையத்தில் நுழையும் பின் இலக்கம்
2. 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையான சம்பளச் சீட்டுகள். சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் டி-10 சான்றிதழ்
3. எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் வரி பிடித்த சான்றிதழ், மார்ச் 31ஆம் திகதி மீதி
4. வாடகை ஒப்பந்தம், வீட்டு உறுதி
5. டியூஷன் வரவு எழுதிய கொப்பி
6. வாகனப் புத்தகம், கடன் கூற்று, நகை விபரம் (சொத்து, கடன் பட்டியலுக்கு)
7. போன வருட விபரத்திரட்டின் பிரதி

அன்று மாலையே பதில் வந்தது. வீட்டு உறுதி யார் பெயரில் என்று மட்டும் கேட்டார். உறுதி யார் பெயரிலோ வாடகை அவருடைய வருமானமாம். சனிக்கிழமைக்கு நேரமும் தந்தார்.

2025/26க்கு விலக்கு 1,800,000 ஆகக் கூடியிருக்கிறது. வங்கி பிடிக்கும் வரியும் 10 வீதமாகியிருக்கிறது. மேலே சொன்ன அதே 1,500,000 வருமானத்துக்கு இப்போது வரியே இல்லை, ஆனால் வங்கி 30,000 பிடித்திருக்கும். அந்தக் காசைத் திருப்பிக் கேட்க வேண்டுமானால் விபரத்திரட்டும் சான்றிதழும் வேண்டும். சம்பளம் குறைவு, எங்களுக்கு வரி இல்லை என்று சும்மா இருக்கும் ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் இதைக் கவனியுங்கள்.

நாளைக்கே வங்கிக்குப் போய் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். மற்றவை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும்.