மூச்சு ஏன் ஆழ்ந்தது?

நோயாளி ஒருவரின் நிலையை விரித்துரைத்து, "இதனை விளக்குக" எனக் கேட்கும் உடற்றொழிலியல் வினாக்களை மாணாக்கர் பலர் அணுகும் முறை விந்தையானது. எண்களின் நடுவே பழக்கமான ஒன்றைக் கண்டதும் அதனையே பற்றிக்கொண்டு ஓடத் தலைப்படுகின்றனர். பிறழ்வு யாது, அது எவ்வாறு விளைந்தது, உடல் அதனை எவ்வாறு ஈடுசெய்கின்றது என்னும் வரிசையைக் கைவிட்டால் விடை தலைகீழாகிவிடும். இதற்கு ஒரு நோயாளியையே சான்றாகக் கொள்வோம்.

வயது 19. சில வாரங்களாகத் தீராத் தாகம், அடிக்கடி சிறுநீர் கழிகின்றது, உடல் மெலிந்துவிட்டது. இரண்டு நாளாகச் சோர்வு மிகுந்து, மூச்சு ஆழமாயும் விரைவாயும் ஓடுகின்றது. சுவாசப்பைகளிற் குறையொன்றும் இல்லை. நாடிக் குருதியின் பீ.எச். பெறுமானம் 7.26, காபனீரொட்சைட்டின் அமுக்கம் 23 மில்லிமீற்றர் இரசம், இருகாபனேற்று லீற்றருக்கு 10 மில்லிமோல். சோடியம் 134, குளோரைட்டு 98.

வேகமான மூச்சையும் குறைந்த காபனீரொட்சைட்டையும் கண்ட மாணவன், "சுவாசக் கோளாறு" என்று எழுதிவிடுகின்றான். அவன் முதலிற் பார்த்திருக்கவேண்டியது பீ.எச். பெறுமானத்தை. வழக்கமான 7.40 இலும் அது தாழ்ந்துள்ளது. ஆகவே குருதியில் அமிலம் மிகுந்துள்ளது. அமிலம் மிகுவதற்கு இரண்டே வழிகள் உள: காபனீரொட்சைட்டு ஏறவேண்டும், அல்லது இருகாபனேற்று இறங்கவேண்டும். இங்கே காபனீரொட்சைட்டு ஏறவில்லை. வழக்கமான 40 இலிருந்து 23 ஆக இறங்கியன்றோ நிற்கின்றது! அது தனித்து இறங்கியிருப்பின் குருதி காரத்தன்மையை அன்றோ அடைந்திருக்கும்? எனவே முதற் பிறழ்வு 24 இலிருந்து 10 ஆக வீழ்ந்த இருகாபனேற்றே. மூச்சின் வேகம் அதற்குப் பின் வந்தது.

இனிப் பொறிமுறை. இருகாபனேற்று எங்கே போயிற்று? வயிற்றோட்டத்தில் நிகழ்வது போல வெளியே கழிந்ததா, அன்றி வேறோர் அமிலத்தை நடுநிலையாக்குவதிற் செலவாயிற்றா? இதனை அறியச் சோடியத்திலிருந்து குளோரைட்டையும் இருகாபனேற்றையும் கழித்துப் பார்த்தல் வேண்டும். 134 இல் 98 உம் 10 உம் போக எஞ்சுவது 26. வழக்கமாக இது 12 அளவினது. வயிற்றோட்டமாயின் இழந்த இருகாபனேற்றின் இடத்தைக் குளோரைட்டு நிரப்பும், இவ்விடைவெளி விரியாது. இங்கே 14 விரிந்துள்ளது; இருகாபனேற்றும் 14 குறைந்துள்ளது. புதியதோர் அமிலம் குருதியிற் புகுந்து, அதன் ஐதரசன் அயன் இருகாபனேற்றைத் தின்றுவிட, அமிலத்தின் எஞ்சிய பகுதி அளவிடப்படாது நிற்கின்றது என்பதே பொருள். (கணக்கு எப்பொழுதும் இவ்வளவு செம்மையாக ஒத்துவராது, அவ்வமிலப் பகுதியிற் சிறிது சிறுநீருடன் போய்விடும்.) தாகத்தையும் மெலிவையும் உடன்வைத்து நோக்கினால் அமிலத்தின் பெயர் தெரிந்துவிடும். இன்சுலின் இல்லாமையாற் கொழுப்பு கரைந்து, ஈரல் அதனைக் கீற்றோன் அமிலங்களாக்குகின்றது. இது நீரிழிவு.

மூச்சுக்கு இப்பொழுதுதான் வருகின்றோம். மிகுந்த ஐதரசன் அயன்கள் கழுத்து நாடியருகேயுள்ள இரசாயன உணரிகளைத் தூண்ட, மூச்சு ஆழ்ந்து காபனீரொட்சைட்டை வெளியேற்றுகின்றது. நீரிழிவு மயக்கத்தில் இத்தகைய மூச்சை 1874 இல் விவரித்த ஜேர்மன் மருத்துவர் குஸ்மௌலின் பெயரே இதற்கு இன்றும் வழங்குகின்றது. இவ்வீடு சில நிமிடங்களிலே தொடங்கினும் முழுமையடைய ஏறத்தாழ ஒருநாள் செல்லும். சிறுநீரகம் தன் பங்கைச் செலுத்தப் பல நாட்கள் வேண்டும்.

ஈடு போதுமானதா என்பதையும் கணித்தறியலாம். இருகாபனேற்றை ஒன்றரையாற் பெருக்கி எட்டைக் கூட்டுக. இரண்டு கூடினாலும் குறைந்தாலும் பிழையில்லை. 1967 முதல் வழங்கும் இவ்விதிப்படி நம் நோயாளிக்கு வரவேண்டியது 23, வந்திருப்பதும் 23. சுவாசப்பைகள் தம் கடமையைச் சரிவரச் செய்கின்றன. இதுவே 34 ஆக இருந்திருப்பின், அதுவும் வழக்கமான 40 இலும் குறைவுதானே என்று ஆறுதல் கொள்ளல் ஆகாது. மூச்சுத் தசைகள் களைத்துவிட்டன என்பதற்கு அதுவே அறிகுறி; அப்போது பீ.எச். 7.09 அளவுக்கு வீழ்ந்திருக்கும். மாறாக 15 ஆக இருந்து, பீ.எச். 7.44 எனக் காட்டினால், அது மிகச் சிறந்த ஈடு அன்று. ஈடு பிறழ்வைக் கடந்து மறுபக்கம் செல்வதில்லை. எனவே மூச்சைத் தூண்டும் இன்னொரு நோய் உடனிருக்கின்றது.

வரிசை பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. மூச்சின் வேகத்தையே நோயெனக் கருதும் ஒருவர், இந்நோயாளியை உறக்க மருந்து கொடுத்துச் செயற்கைச் சுவாசப் பொறியில் இட்டு, மூச்சை வழக்கமான அளவுக்கு அமைத்துவிட்டார் என்க. காபனீரொட்சைட்டு 40 ஆகும், இருகாபனேற்று 10 ஆகவே இருக்கும், பீ.எச். 7.02 க்கு இறங்கிவிடும். பொறியில் இட்டே ஆகவேண்டிய நிலை வந்தாலும், நோயாளி தானே மூச்சுவிட்ட அளவுக்குக் குறையாமல் அப்பொறியும் மூச்சுவிடுமாறு அமைத்தல் வேண்டும்.