வேண்டாததைத் தா எண்டு கேட்டால்

2018 டிசம்பர் கடைசியில் இரணைமடு வான்கதவுகள் திறக்க, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளம். விசுவமடுவில் நாங்கள் வீடு வீடாய்ப் போய் புத்தகமும் விளையாட்டுச் சாமானும் சேர்த்தம். பாடப்புத்தகம் அரசாங்கம் தரும், அதனால கதைப்புத்தகம்தான் கேட்டம்.

"வேண்டாததைத் தா" எண்டு பிள்ளையளிட்டக் கேட்டால் சில்லுக் கழண்ட கார்தான் வரும். "உன்ர வயசுப் பிள்ளைக்கு எதைக் குடுப்பாய்?" எண்டால் கன நேரம் யோசிப்பினம்.

ஒரு ஆறு வயசுக்காரி கரடிப்பொம்மையைப் பெட்டிக்குள்ள வைச்சாள், எடுத்தாள், திரும்ப வைச்சாள். "குடு பிள்ளை" எண்டு தாய் அவசரப்படுத்தினா. நாங்கள் பெட்டியை ரெண்டு நாளைக்கு அங்கயே விட்டிட்டு வந்தம்.

திரும்பப் போகேக்க பெட்டிக்குள்ள கரடி இல்லை. படம் பொருத்திற விளையாட்டு ஒண்டு இருந்தது. "24 துண்டும் கிடக்கு, எண்ணிப் பார்த்தனான்" எண்டாள்.